"பார்த்துச் செய்யுங்கோ" என்றால் எவ்வளவு?

வாசகி எழுதியது:

"மேடம், நான் புனேயில் வளர்ந்தவள். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தேன். மாமனார் இருந்தவரை வீட்டு வைதீக காரியங்களை எல்லாம் அவரே வாத்தியாரிடம் பேசிக்கொள்வார். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மாதம் முன்பு புது ஃபிளாட்டுக்குக் கிரகப்பிரவேசம் செய்தோம். எவ்வளவு ஆகும் என்று போனில் கேட்டதற்கு வாத்தியார் 'பார்த்துச் செய்யுங்கோ' என்றார். கணபதி ஹோமம், நவக்கிரக ஹோமம், வாஸ்து பூஜை. நான்கு பேர் வந்தார்கள். காலை 4 மணியிலிருந்து 9 மணி வரை நடந்தது. நடுவில் பத்து தடவையாவது 'தட்சிணை வையுங்கோ' என்றார்கள். கடைசியில் தாம்பூலத்தோடு 7,001 ரூபாய் கொடுத்தோம். எல்லோர் முன்னாலும் எண்ணிப் பார்த்துவிட்டு 'நாலு பேர் வந்திருக்கோமே' என்றார். என் கணவர் 'முதலிலேயே சொல்லியிருக்கலாமே' என்று சற்றுக் கோபமாகச் சொல்லி, இன்னும் 3,000 எடுத்துக் கொடுத்தார். அவர் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்.

அடுத்த மாதம் மாமனாரின் சிராத்தம் வருகிறது. மாமியார் 'அவரைத்தான் கூப்பிடணும், ஆனா ரேட் பேசினா பாவம்' என்கிறார். கணவர் 'ஆன்லைனில் பேக்கேஜ் போட்டுவிடலாம், ரசீதாவது கிடைக்கும்' என்கிறார். நாங்கள் கொடுத்தது குறைச்சலா? சட்டப்படி எதுவும் பாக்கி உண்டா? எப்படிக் கேட்பது, எப்படிக் கொடுப்பது?"

அன்புள்ள சகோதரிக்கு,

நான் வக்கீல்தான், ஆனால் வைதீகர் வீட்டுப் பெண். அப்பா புரோகிதம் செய்து எங்களைப் படிக்க வைத்தார். அதனால் அவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் கண்டுகொள்ளாதீர்கள். உங்கள் கணவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அதற்கும் வருகிறேன்.

முதலில் அந்த 7,001 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம். முன்னால் உட்கார்ந்து நடத்தியவர் ஒருவர், கூட வந்தவர்கள் மூவர். அந்த மூவரும் அவருடைய சம்பளக்காரர்கள் இல்லை. அன்றைக்கு அவர் கூப்பிட்டதற்காக வந்த வேறு வைதீகர்கள். அவர்களுக்கு அவர்தான் கொடுக்க வேண்டும். தலா 1,500 என்று வைத்துக்கொண்டால் 4,500 போயிற்று. விடியற்காலை 4 மணிக்கு ஹோமகுண்டமும் சாமான் பையுமாக நான்கு பேர் பஸ்ஸில் வர முடியாது. கார் போக வர 1,000 என்றால் அவர் கையில் நிற்பது 1,501. அதற்குள் முதல் நாள் சாமான் லிஸ்ட் போட்டது, முகூர்த்தம் பார்த்துக் கொடுத்தது, அன்று வந்திருக்கக்கூடிய வேறு வீட்டை விட்டது எல்லாம் அடக்கம். நீங்கள் பிறகு கொடுத்த 3,000 சேர்ந்தபின் அவருக்கு 4,501 நின்றிருக்கும். ஐந்து மணி நேர வேலைக்குச் சென்னையில் அது அநியாயமான தொகையும் இல்லை, பெரிய தொகையும் இல்லை.

ஆகவே "நாலு பேர் வந்திருக்கோமே" என்றது பேராசை என்று நினைக்காதீர்கள். மாடிப்படி இறங்கியதும் மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டிய கவலை அது. எங்கள் வீட்டுத் திண்ணையில் இதைப் பார்த்து வளர்ந்திருக்கிறேன். வெற்றிலை ஈரமும் ஹோமப் புகை வாசனையுமாக நோட்டுகளை மடியிலிருந்து எடுத்து, கூட வந்தவர்களுக்கு முதலில் எண்ணிக் கொடுத்து அனுப்பிவிட்டு, மிச்சத்தைத்தான் அப்பா அம்மாவிடம் கொடுப்பார். சில நாள் மிச்சம் என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது.

அதே சமயம் உங்கள் வாத்தியார் செய்ததும் சரியில்லை. கேட்டபோது சொல்லாமல், விருந்தாளிகள் முன்னால் எண்ணிப் பார்த்துக் குறை சொன்னது உங்களைச் சங்கடப்படுத்தும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "பார்த்துச் செய்யுங்கோ" என்பது பழைய பழக்கம். தலைமுறை தலைமுறையாக ஒரே வாத்தியார், ஒரே குடும்பங்கள் என்று இருந்த ஊரில் அந்தப் பேச்சு செல்லுபடியானது. எந்த வீட்டில் எதற்கு எவ்வளவு என்று இரண்டு பக்கமும் தெரியும். உங்கள் மாமனாருக்கும் தெரிந்திருக்கும். உங்களுக்குத் தெரியாது என்பதை வாத்தியார் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

கேட்டால் பாவமா?

மாமியாரிடம் ஒரு விஷயம் பக்குவமாகச் சொல்லுங்கள். தட்சிணை என்பது காரியம் முடிந்தபின் மனசு வந்தால் தருகிற இனாம் இல்லை. காரியத்திலேயே அது ஓர் அங்கம். தட்சிணை இல்லாத யக்ஞத்தைத் தாமசம் என்று கீதையின் 17-ஆவது அத்தியாயம் சொல்கிறது, மந்திரமில்லாத யக்ஞத்தோடு அதையும் சேர்த்து ஒரே சுலோகத்தில். ஹோமத்துக்கு நெய் எவ்வளவு, சமித்து எத்தனை என்று கேட்டு வாங்கி வைக்கிறோம். தட்சிணையையும் அப்படிக் கேட்டு ஏற்பாடு செய்து வைப்பதில் என்ன தவறு? கோயிலில் அர்ச்சனைக்குக் கட்டணப் பலகை தொங்குகிறது, சீட்டு வாங்கித்தான் உள்ளே போகிறோம். மாமியார் மனதை உறுத்துவது பேரம் பேசுவதாக இருக்கலாம். அதில் அவர் சொல்வது சரி. கேட்பது வேறு, பேரம் வேறு.

நடுநடுவே கேட்ட அந்தப் பத்து தட்சிணைகளைப் பற்றி. உங்கள் கணவரின் எரிச்சல் அங்கேதான் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். அது புதுப்புதுக் கட்டணம் இல்லை. ஆரம்பத்தில் பெரியவர்களிடம் அனுமதி கேட்கிற அனுக்ஞைக்கு ஒன்று, கிரகப்ரீதிக்கு ஒன்று, புண்யாகவாசனத்துக்கு ஒன்று, பசுவுக்குப் பதிலாகக் கோதானம் என்று ஒன்று, இப்படி ஒவ்வொரு படிக்கும் ஒரு தானம் விதித்திருக்கிறது. "ஹிரண்யகர்ப்ப கர்ப்பஸ்தம்" என்று ஆரம்பிக்கிற மந்திரத்தை உங்கள் கணவரைச் சொல்ல வைத்து, கையில் தீர்த்தம் விடச் சொல்லியிருப்பார்களே, அதுதான். பத்து ரூபாய், பதினோரு ரூபாய் வைத்தால் போதும். மொத்தமே முந்நூறு, நானூறுக்குள் முடிந்துவிடும். அந்த நேரத்தில் பர்ஸைத் திறந்து ஐந்நூறு ரூபாய் நோட்டைத் தவிர வேறில்லை என்று விழிப்பதுதான் பிரச்சினை. முதல் நாளே ஐம்பது நாணயமும் இருபது பத்து ரூபாய் நோட்டும் மாற்றி ஒரு கிண்ணத்தில் போட்டு ஹோமகுண்டம் பக்கத்தில் வைத்துவிடுங்கள். யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

சில வாத்தியார்கள் இதைக் கடைசியில் மொத்தமாகக் கொடுக்கிற சம்பாவனைக்குள் சேர்த்துவிடுவார்கள், சிலர் தனி என்பார்கள். இரண்டும் வழக்கத்தில் உண்டு. போனில் கேட்கவேண்டிய கேள்விகளில் இதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். கலசத்துக்குக் கட்டிய வஸ்திரம், அடியில் பரப்பிய அரிசி, தேங்காய் இவை பெரும்பாலும் வைதீகர்களுக்குப் போகிறவை. அதையும் முன்பே தெரிந்துகொண்டால் கடைசியில் "அரிசியையும் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்" என்ற பேச்சு வராது.

போனில் எப்படிக் கேட்பது

"எவ்வளவு சார்ஜ் பண்றீங்க?" என்று ஆரம்பித்தால் பிளம்பரைக் கூப்பிடுவது போல இருக்கும். எந்த வைதீகரும் அதற்கு நேராகப் பதில் சொல்ல மாட்டார். வேலையிலிருந்து ஆரம்பியுங்கள். என்ன காரியம், என்றைக்கு, எந்த இடம், எத்தனை பேர் வர வேண்டியிருக்கும், சாமான் யார் வாங்குவது. இதற்கெல்லாம் பதில் வாங்கிக்கொண்டு அப்புறம் இப்படிக் கேளுங்கள்: "மாமா, உங்களுக்கும் கூட வர்றவாளுக்கும் சேர்த்து சம்பாவனை எவ்வளவுன்னு சொன்னேள்னா, நாங்க தயாரா எடுத்து வச்சுடுவோம். வண்டிச் செலவு அதுல சேர்த்தியா, தனியா?"

அதற்கும் "பார்த்துச் செய்யுங்கோ" என்றால் விட்டுவிடாதீர்கள். நீங்களே ஒரு தொகை சொல்லுங்கள். "எங்களுக்கு வழக்கம் தெரியாது. தலைக்கு இவ்வளவு, உங்களுக்கு இவ்வளவுன்னு நினைச்சிருக்கோம். குறைச்சலா இருந்தா கூச்சப்படாம சொல்லிடுங்கோ." தொகை நியாயமாக இருந்தால் "பேஷா போறும்" என்பார். குறைவாக இருந்தால் ஒரு நிமிஷம் மௌனம் வரும், இல்லாவிட்டால் "இப்போ எல்லா இடத்துலயும்..." என்று இழுப்பார். அந்த இடத்தில் "மத்த இடத்துல என்ன கொடுக்கறா?" என்று கேட்டுவிடலாம், சொல்லிவிடுவார். பேசி முடித்ததும் தேதி, நேரம், ஆட்கள், தொகை நான்கையும் ஒரு வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பிவையுங்கள். வக்கீலாக நான் கேட்கிற எழுத்துப் பத்திரம் அவ்வளவுதான்.

அவர் சொல்கிற தொகை உங்களுக்கு முடியாதது என்றால் தொகையைக் குறைக்கச் சொல்லாதீர்கள், காரியத்தைச் சுருக்கச் சொல்லுங்கள். நான்கு பேருக்குப் பதில் இரண்டு பேர், நவக்கிரக ஹோமம் இல்லாமல் கணபதி ஹோமம் மட்டும், பால் காய்ச்சுவது என்று செய்துகொள்ளலாம். "எங்களால் இவ்வளவுதான் முடியும், இதற்குள் எது அவசியம்?" என்று முன்பே கேட்டவரை முகம் சுளித்து அனுப்பிய வைதீகரை நான் பார்த்ததில்லை. நான்கு பேரை வரவழைத்துவிட்டு இரண்டு பேருக்கான பணத்தைக் கொடுப்பதுதான் மனஸ்தாபத்தில் முடிகிறது.

சிராத்தத்தில் கணக்கே வேறு

கிரகப்பிரவேசத்தில் பெரியவரிடம் மொத்தமாகக் கொடுத்தால் அவர் பிரித்துக்கொள்வார். சிராத்தம் அப்படி இல்லை. ஹோமத்தோடு செய்கிற பார்வண சிராத்தம் என்றால், நடத்தி வைக்கிற வாத்தியார் ஒருவர், இலையில் உட்காருகிறவர்கள் பொதுவாக இருவர். ஒருவர் விச்வேதேவர் ஸ்தானத்தில், ஒருவர் பித்ரு ஸ்தானத்தில். சில குடும்பங்களில் மகாவிஷ்ணுவுக்கென்று மூன்றாவதாக ஒருவரும் உண்டு. உங்கள் மாமனார் தன் அப்பாவுக்குச் செய்தபோது எத்தனை இலை போட்டார்கள் என்று மாமியாரைக் கேளுங்கள், அவருக்கு நினைவிருக்கும்.

இந்த இருவரைப் பற்றி வெளியே அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. நடத்தி வைக்கிற வாத்தியார் ஒரே நாளில் இரண்டு மூன்று வீட்டுக்குப் போக முடியும். இலையில் உட்காருகிறவரால் முடியாது. காலையிலிருந்து பட்டினி இருந்து, உங்கள் வீட்டில் மத்தியானம் சாப்பிட வேண்டும். அன்று இன்னொரு சிராத்தச் சாப்பாடு கூடாது, இரவும் உபவாசம் என்பது நியமம். அன்றைய அவருடைய மொத்த வரும்படி உங்கள் வீடுதான். ஆகவே "சாப்பாடு போட்டு வேஷ்டியும் கொடுக்கிறோமே" என்று தட்சிணையைக் குறைப்பது பெரிய தவறு. அந்தச் சாப்பாடு அவருக்கு விருந்து இல்லை, உங்களுக்காக ஏற்றுக்கொண்ட வேலை. எங்கே கை இறுக்கினாலும் இவர்கள் விஷயத்தில் இறுக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம்.

கொடுக்கும் இடமும் முறையும் வேறு. இலையில் உட்கார்ந்தவர்களுக்குச் சாப்பிட்டு முடித்தபின், உங்கள் கணவர் ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியே தட்சிணையும் தாம்பூலமும் கொடுக்க வேண்டும். வாத்தியார் எப்போது என்று சொல்வார். வாத்தியாரின் சம்பாவனை எல்லாம் முடிந்த பிறகு. எனவே மூன்று கவர் தயாராக இருக்கட்டும், மேலே பென்சிலால் யாருக்கு என்று குறித்துவிடுங்கள். சுப காரியத்தில் சேர்க்கிற அந்த ஒரு ரூபாயைப் பித்ரு காரியத்தில் பல வீடுகளில் சேர்ப்பதில்லை. உங்கள் வீட்டு வழக்கத்தை மாமியாரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹோமமும் சமையலும் செய்ய வசதிப்படாத வருஷத்தில் அரிசி, காய்கறியாகக் கொடுக்கிற ஆம ரூபம், தட்சிணையாகவே கொடுக்கிற ஹிரண்ய ரூபம் என்று வழிகள் இருக்கின்றன. எது என்பதைப் பொறுத்து ஆட்களும் தொகையும் மாறும். போன் செய்வதற்கு முன் கணவரும் நீங்களும் இதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

கையில் கொடுக்கும்போது

பேசிய தொகையைப் பேசியபடி கொடுப்பதுதான் மரியாதையில் முக்கால்வாசி. மீதிக் கால்வாசி, கொடுக்கிற விதம். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து, அதன்மேல் கவரை வைத்து, நின்றுகொண்டு இரண்டு கையாலும் கொடுங்கள். அப்புறம் நமஸ்காரம். எண்ணிப் பார்க்கச் சொல்ல வேண்டாம், "சரியா இருக்கா?" என்று நாலு பேர் முன்னால் கேட்கவும் வேண்டாம். கூட்டம் கலைந்தபின் வாசல்வரை போய், "ஏதாவது குறை இருந்தா சாயங்காலம் போன்ல சொல்லுங்கோ" என்று சொன்னால் போதும். கொடுக்கும்போது சிரத்தையோடு கொடு, கூச்சத்தோடு கொடு என்று தைத்திரீய உபநிஷத்து சொல்கிறது. கூச்சம் வாங்குகிறவருக்கு மட்டும் இருந்தால் போதாது.

ஜீபே தாராளமாகச் செய்யலாம். இப்போது பெரிய வயது வைதீகர்களே நம்பர் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் தட்டு வெறுமையாகப் போகக் கூடாது. கொஞ்சம் பணமாவது தாம்பூலத்தில் வையுங்கள், பெரும் பகுதியை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். ஹோமத்தின் நடுவே போனை நீட்டி ஸ்கேன் செய்கிற காட்சி மட்டும் வேண்டாம். சாப்பிடாமல் போனதற்கும் வருத்தப்படாதீர்கள். நியமம் காரணமாக வெளியில் சாப்பிடாதவர்கள் பலர். அவர் கோபத்தில்தான் போனார் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சட்டம், ரசீது, பேக்கேஜ்

சட்டப்படி பாக்கி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தொகை பேசாததால் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு. இனாமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த நியாயமான காரியத்தின் பலனை இன்னொருவர் அனுபவித்தால், அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் நீங்கள் கொடுத்த 10,001 நியாயமான ஈடு என்பதற்குள் வந்துவிடுகிறது. யாரும் உங்கள்மேல் வழக்குப் போடப் போவதில்லை. நிம்மதியாக இருங்கள்.

அதேபோல் குடும்ப வாத்தியார் என்பதற்காக அவரைத்தான் கூப்பிட வேண்டும் என்று சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. பம்பாய் மாகாணத்தில் ஒரு காலத்தில் கிராமப் புரோகிதர்களான ஜோசிகள் பரம்பரை உரிமை கேட்டு, வேறு புரோகிதரை வைத்துக்கொண்டவர்கள்மேல் கோர்ட்டுக்குப் போன வழக்குகள் உண்டு. உங்களுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

ரசீது கேட்பதில் தவறில்லை, ஆனால் அது எதற்கு? மதச் சடங்கு நடத்தித் தருவதற்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது, உங்களுக்கும் இதில் வரிச் சலுகை எதுவும் கிடையாது. ஜீபே பதிவே போதுமான அத்தாட்சி. பேக்கேஜில் தொகை முன்பே தெரியும் என்பது நல்ல வசதிதான், அதை நான் மறுக்கவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு அது பொருந்தும். சிராத்தத்துக்கு உங்கள் கோத்திரம், மூன்று தலைமுறைப் பெயர்கள், எந்த வேதம், எந்தச் சூத்திரம், எத்தனை இலை என்பதெல்லாம் வேண்டும். அவையெல்லாம் இப்போதே உங்கள் வாத்தியாருக்குத் தெரியும். பேக்கேஜ் என்றாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: வருகிற வைதீகருக்கு இதில் எவ்வளவு போகிறது, அன்றைக்குத் தனியாக எதுவும் கேட்பார்களா? முதல் கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

என்னைக் கேட்டால் பழைய வாத்தியாருக்கே போன் செய்யுங்கள். கணவர் பேசட்டும். நீண்ட விளக்கம் தேவையில்லை. "அன்னைக்கு எங்களுக்கு விவரம் தெரியாம கொஞ்சம் அசௌகரியமாயிடுத்து, மனசுல வச்சுக்காதீங்கோ. அப்பா திதிக்கு நீங்கதான் வரணும்" என்று சொல்லிவிட்டு, எத்தனை இலை, யார் யாருக்கு எவ்வளவு என்பதையும் அதே போனில் கேட்டு முடித்துவிடுங்கள். பெரும்பாலும் வந்துவிடுவார். முடியாது என்றால், யாரை அனுப்பலாம் என்று அவரிடமே கேளுங்கள். வாத்தியார் கிடைத்தாலும் இலையில் உட்கார ஆள் கிடைப்பது இப்போது சென்னையில் சிரமம். அதுவும் திதி அமாவாசையை ஒட்டியோ மகாளய பட்சத்திலோ வந்தால் எல்லா வீட்டிலும் ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். அடுத்த மாதம்தானே என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே பேசிவிடுங்கள்.